இறுதி நேர்காணல்: நாளை காலை இயலாது, வெள்ளி காலை கிண்டிக்கு வருகிறேன்

வணக்கம் மேடம்,

நாளை, வியாழன் (நவம்பர் 20) காலை 10 மணிக்குச் சென்னையில் இறுதி நேர்காணல் என்ற உங்கள் மின்னஞ்சலை மாலை 4.40-க்குப் பார்த்தேன். மகிழ்ச்சியில் உடனே "வருகிறேன்" என்று தட்டிவிட்டு, அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டேன். நாளை பகலில் என்னால் வர இயலாது.

காரணம் சாக்கு அல்ல. அக்டோபர் மாத ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு நாளை கடைசி நாள். எங்கள் பம்ப் தொழிற்சாலையில் அது என் பொறுப்பு. உள்ளீட்டு வரியைச் சரிபார்க்கும் வேலை இன்னும் பாதி இருக்கிறது. தாமதமானால் கட்டணமும் வட்டியும் நிறுவனத்தின் தலையில் விழும். கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு 20-ஆம் தேதியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. என்னை நேர்காணல் செய்யவிருக்கும் நிதித்துறைத் தலைவருக்கும் நாளை அதே தலைவலி இருக்கும் என்றே நினைக்கிறேன்.

நேரில்தான் பார்க்க வேண்டும் என்றால், வெள்ளிக்கிழமை (நவம்பர் 21) காலை 11 மணிக்குக் கிண்டி அலுவலகத்தில் இருப்பேன். நாளை இரவு ரயிலுக்கான தட்கல் இன்று காலையே முடிந்துவிட்டது. ஆனால் காந்திபுரத்திலிருந்து கிளம்பும் அரசு விரைவுப் பேருந்தில் இடம் இருக்கிறது. இரவு 9 மணிக்கு ஏறினால் காலை 7 மணி வாக்கில் கிளாம்பாக்கம். பஸ் தாமதமானாலும் சமாளிக்க நேரம் வேண்டும் என்பதால்தான் 10 என்று சொல்லாமல் 11 என்கிறேன்.

இந்த வாரமே, அதுவும் நாளையே முடித்தாக வேண்டும் என்றால், நாளை இரவு 7.30-க்கு மேல் வீட்டிலிருந்து வீடியோ அழைப்பில் பேசலாம். என் விருப்பம் நேரில் வருவதுதான். இரண்டு சுற்றுகளும் திரையிலேயே முடிந்துவிட்டன. வேலை செய்யப்போகும் இடத்தை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும்.

எதுவானாலும் இன்று இரவு 8 மணிக்குள் சொல்லிவிட்டால் உடனே டிக்கெட் எடுத்துவிடுவேன். நேர்காணலில் யார் யார் இருப்பார்கள், எக்செல் தேர்வு ஏதேனும் உண்டா, அசல் சான்றிதழ்கள் வேண்டுமா என்பதையும் தெரிவியுங்கள்.

முன்பே சொன்னதுதான், மறுபடியும் சொல்லிவிடுகிறேன்: வேலையை விட எனக்கு 60 நாள் நோட்டீஸ் உண்டு. உடனே சேரக்கூடியவர்தான் வேண்டும் என்ற அவசரத்தில் இந்த நேர்காணல் வைக்கப்படுகிறது என்றால், நான் பஸ் ஏறுவதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு வேண்டுகோள். அலுவலக எண்ணுக்கு அழைக்க வேண்டாம். என் கைபேசிக்கு இன்று மாலை 6.30-க்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். நாளை என்றால் உணவு இடைவேளையில், 1.15 முதல் 1.45 வரை.

நன்றியுடன்,
கவிதா
கோயம்புத்தூர்