சர்ச்சைக்குரிய கிரெடிட் கார்டு பற்றுகள் தீர்க்கப்படாதது குறித்துக் குறைதீர்ப்பாளருக்குப் புகார்

நாள்: 29.08.2024
இடம்: மதுரை

அனுப்புநர்
இரா. கலைச்செல்வி
(முகவரி, கைபேசி எண், வங்கியின் பெயர், கிளை ஆகியவை உடன் உள்ள புகார்ப் படிவத்தில்)

பெறுநர்
இந்திய ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் அவர்கள்
மையப் புகார் பெறுதல் மற்றும் பரிசீலனை மையம்
இந்திய ரிசர்வ் வங்கி, 4ஆம் தளம், செக்டார் 17
சண்டிகர் – 160017

பொருள்: 4417 என்று முடியும் என் கிரெடிட் கார்டில் 14.04.2024 அன்று நான் செய்யாத மூன்று பரிவர்த்தனைகள், அவற்றின் மேல் ஏற்றப்பட்ட கட்டணங்கள். ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம், 2021இன் கீழ் புகார்.

ஐயா / அம்மா,

சித்திரை முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. இரவு 11.42, 11.43, 11.45 மணிக்கு வரிசையாக மூன்று குறுஞ்செய்திகள் வந்தன. வெளிநாட்டு இணைய வணிகர் ஒருவரிடம் ரூ.18,499, மீண்டும் ரூ.18,499, பிறகு ரூ.9,250 என மொத்தம் ரூ.46,248 செலவானதாக அவை சொல்லின. கார்டு அலமாரியில் இருந்தது. கைபேசி என் கையில் இருந்தது. ஓடிபி எதுவும் வரவில்லை. 11.58க்கு வங்கியின் உதவி எண்ணை அழைத்துக் கார்டை முடக்கச் சொன்னேன். 12.01க்கு முடக்கிய செய்தி புகார் எண்ணோடு வந்தது (இணைப்பு 1, 2).

மறுநாள் 15.04.2024, திங்கட்கிழமை காலையில் கிளைக்கு நேரில் போய் ஆட்சேபப் படிவத்தைக் கொடுத்தேன். நகலில் ஊதா மையில் வட்ட முத்திரை, நடுவில் அன்றைய தேதி (இணைப்பு 3). இந்த முத்திரையைத் தயவுசெய்து கவனிக்கவும். பின்னால் எல்லாம் இதில்தான் வந்து நிற்கிறது.

24.04.2024 அன்று வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைத்தது. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. 18.06.2024 அன்று வரவைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு கடிதம் அனுப்பினார்கள் (இணைப்பு 4). ஒரு பக்கக் கடிதம்தான். அதற்குள் மூன்று தவறுகள்.

ஒன்று, நான் 22.04.2024 அன்றுதான் தகவல் கொடுத்தேனாம், மூன்று வேலை நாள் கடந்துவிட்டதாம். கிளையில் விசாரித்தபோது, என் படிவம் கணினியில் ஏற்றப்பட்ட நாள் 22 என்று எழுத்தர் வாய்மொழியாகச் சொன்னார். படிவம் ஒரு வாரம் யாருடைய மேசையில் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாமதம் என் கணக்கில் எழுதப்படுவது நியாயமில்லை. அன்றிரவே தொலைபேசியில் சொன்னதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டு, பரிவர்த்தனைகள் ஓடிபி மூலம் உறுதி செய்யப்பட்டவை என்கிறது. எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு ஓடிபி போனது என்ற பதிவு இணைக்கப்படவில்லை. என் கைபேசியில் அன்றைய இரவின் செய்திகளை முழுமையாகப் படம் பிடித்து இணைத்துள்ளேன்.

மூன்று, கடிதத்தில் உள்ள கார்டு எண்ணின் கடைசி இலக்கங்கள் 4471. என்னுடையது 4417. தட்டச்சுப் பிழையா, வேறு ஒருவருடைய கோப்பைப் பார்த்து எனக்குப் பதில் எழுதினார்களா என்று சந்தேகம் வருகிறது. ஓடிபி விஷயத்திலும் அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கார்டு 2022இல் வழங்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் 15.01.2020 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் கேட்டு இயக்கினால் ஒழியப் புதிய கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு வேலை செய்யக் கூடாது. நான் அதை ஒருபோதும் இயக்கவில்லை. செயலியில் அந்தப் பொத்தான் அணைந்தே இருப்பதை 15.04.2024 காலையில் படம் எடுத்து வைத்தேன் (இணைப்பு 5). அணைத்து வைத்த கதவு வழியாக மூன்று முறை பணம் போனது எப்படி என்று இதுவரை மூன்று முறை எழுத்தில் கேட்டுவிட்டேன். பதில் இல்லை.

24.06.2024 அன்று முதன்மை நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாகத் தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. 30 நாள் கழிந்ததும் 25.07.2024 அன்று நினைவூட்டினேன் (இணைப்பு 6). இன்று வரை அவ்வளவுதான். முழுமையாகவோ பகுதியாகவோ நிராகரிக்கும் புகாரை வங்கி தன் உள் குறைதீர்ப்பாளரிடம் அனுப்பியாக வேண்டும். என் புகார் அங்கே போனதா என்பதும் கடிதத்தில் இல்லை.

இதற்கிடையில் கணக்கு வளர்ந்துகொண்டே போகிறது. 02.07.2024 பட்டியலில் ரூ.46,248ஐ மீண்டும் சேர்த்து, அந்நியச் செலாவணிக் கட்டணம் ரூ.1,618.68, அதன் ஜிஎஸ்டி ரூ.291.36 போட்டிருந்தார்கள். என் சொந்தச் செலவுக்கான தொகையைக் கெடுவுக்குள் கட்டிவிட்டேன். அப்படியும் 02.08.2024 பட்டியலில் தாமதக் கட்டணம் ரூ.1,100, வட்டி ரூ.3,126.40, இரண்டுக்கும் ஜிஎஸ்டி ரூ.760.75 ஏறியது. ஆக, நான் மறுக்கும் தொகை ரூ.53,145.19 (இணைப்பு 7). மோசடி என்று ஆட்சேபித்த பரிவர்த்தனைக்குத் தீர்வு வரும் வரை கட்டணம் விதிக்கக் கூடாது என்று 2022 கார்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

08.08.2024 காலை 7.10க்கு வசூல் முகவர் ஒருவர் அழைத்தார். காலை 8 மணிக்கு முன் அழைக்கக் கூடாது என்பதை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. "அதெல்லாம் தெரியாது மேடம், சிஸ்டத்துல உங்க பேரு வந்திருக்கு" என்றார். அழைப்புப் பட்டியலின் படம் இணைப்பு 8.

06.07.2017 சுற்றறிக்கைப்படி, வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ குறை இல்லாத மூன்றாம் தரப்பு மீறலில், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. குறை வங்கியுடையது என்றால், தெரிவித்தாலும் தெரிவிக்காவிட்டாலும் பொறுப்பில்லை. வாடிக்கையாளரே பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியைச் சேர்ந்தது. நான் தெரிவித்தது பதினாறு நிமிடத்துக்குள்.

ஆகவே வேண்டுவது: ரூ.53,145.19ஐயும் இன்றுமுதல் இதன் மேல் ஏறும் வட்டி, கட்டணங்களையும் வங்கி முழுதாக நீக்க வேண்டும். கடன் தகவல் நிறுவனங்களிடம் இதை நிலுவை என்று தெரிவித்திருந்தால் எழுத்து மூலம் திருத்த வேண்டும். ஓடிபி பதிவும், வெளிநாட்டுப் பயன்பாடு எப்போது, யாரால் இயக்கப்பட்டது என்ற பதிவும் தங்கள் முன் வைக்கப்பட வேண்டும். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ரூ.10,000 இழப்பீடு கேட்கிறேன். திட்டம் இதற்கு ஒரு லட்சம் வரை இடம் தருகிறது, எனக்கு அவ்வளவு வேண்டாம்.

இதே விஷயம் எந்த நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இல்லை. தங்களிடம் முன்பு புகார் செய்ததும் இல்லை. வழக்கறிஞர் வழியாக அல்லாமல் நானே எழுதுகிறேன். மேலே சொன்னவை நான் அறிந்தவரை உண்மை.

இப்படிக்கு,
இரா. கலைச்செல்வி

இணைப்புகள்
1. 14.04.2024 இரவு வந்த குறுஞ்செய்திகள், படங்கள் (4 பக்கம்)
2. கார்டு முடக்கச் செய்தி, அழைப்புப் பதிவு
3. கிளை முத்திரையுள்ள ஆட்சேபப் படிவம், 15.04.2024
4. வங்கியின் கடிதம், 18.06.2024
5. செயலியில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்திருக்கும் படம்
6. நோடல் அதிகாரிக்கான மின்னஞ்சல்கள், 24.06.2024, 25.07.2024, தானியங்கிப் பதில்
7. மே முதல் ஆகஸ்ட் வரையிலான மாதப் பட்டியல்கள், நான் கட்டியதற்கான ரசீதுகள்
8. 08.08.2024 அழைப்புப் பட்டியல்