14.11.2024 விபத்துக்கான இழப்பீடு: தேதி வாரியாகத் திருத்தி எழுதிய மனு

அனுப்புநர்:
பா. முத்துலட்சுமி,
சேரன்மகாதேவி,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
மோட்டார் கிளைம் பிரிவு,
பாளையங்கோட்டை.

நாள்: 16.12.2024

பொருள்: டி.என். 72 பதிவுள்ள என் காருக்கு (கடைசி நான்கு எண்கள் 4186) 14.11.2024 அன்று பத்தமடையில் ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு கோருதல்.

பார்வை: 1. என்னுடைய 2.12.2024 தேதியிட்ட மனு. 2. விளக்கம் கேட்டுத் தாங்கள் அனுப்பிய 9.12.2024 தேதியிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் 12.12.2024 அன்று கைக்கு வந்தது. விபத்து எந்தப் பாலிசி காலத்தில் நடந்தது, ஓட்டியது யார், வண்டியின் முன்னாலும் பின்னாலும் சேதம் இருப்பது எப்படி, கேட்ட தொகை பில்லோடு ஏன் ஒத்துவரவில்லை என்று நான்கு விஷயங்கள் கேட்டிருந்தீர்கள். என் முதல் மனுவை எடுத்து மறுபடி படித்தேன். ஒர்க்‌ஷாப் பில்லில் தொடங்கி, நடுவில் விபத்தைச் சொல்லி, கடைசியில் அம்மாவின் கை வலிக்குப் போயிருக்கிறேன். நீங்கள் கேட்டது நியாயம்தான். அந்த மனுவுக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கார் பதிவானதும் முதல் பாலிசி தொடங்கியதும் 16.11.2021. அதன்பின் ஒவ்வொரு வருடமும் இடைவெளி இல்லாமல் புதுப்பித்திருக்கிறேன். மூன்று வருடத்தில் ஒரு கிளைமும் கிடையாது. விபத்து நடந்த அன்று நடப்பில் இருந்த பாலிசி 15.11.2024 நள்ளிரவு வரை செல்லும். அடுத்த வருடத்துக்கான பணத்தை 11.11.2024 திங்கட்கிழமையே ஆன்லைனில் கட்டிவிட்டேன். ஆனால் அந்தப் புதிய பாலிசி தொடங்குவது 16.11.2024 அன்று. குழப்பம் இங்கேதான் வந்தது. மனு எழுதும்போது போனில் முதலில் கண்ணில் பட்டது புதிய பாலிசி. அந்த எண்ணையே எழுதிவிட்டேன். கூடவே வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போன 18.11.2024-ஐ முதல் வரியில் போட்டதால், விபத்தே அன்றைக்குத்தான் நடந்தது போல ஆகிவிட்டது. விபத்து நடந்தது 14.11.2024. அதனால் இந்தக் கிளைம் பழைய பாலிசியில்தான் சேரும். பழைய பாலிசியின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

14.11.2024, வியாழக்கிழமை. அம்மாவின் கண் பரிசோதனைக்காகப் பாளையங்கோட்டை போய்விட்டு, மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், மேலச்செவல் வழியாகச் சேரன்மகாதேவிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது நான். முதல் மனுவில் "வந்துகொண்டிருந்தோம்" என்று மட்டும் எழுதி, தம்பியின் பெயரையும் சொல்லியிருந்ததால் சந்தேகம் வந்திருக்கும். தம்பி அப்போது வண்டியில் இல்லை. விபத்துக்குப் பிறகு பத்தமடைக்கு வந்தவன் அவன். காரில் இருந்தது நானும், பின் இருக்கையில் அம்மாவும் மட்டும்தான். என் ஓட்டுநர் உரிமம் நடப்பில் உள்ளது, நகல் வைத்திருக்கிறேன்.

மாலை சுமார் 5.40 மணி. தூறல் விழுந்து ரோடு நனைந்திருந்தது. பத்தமடை ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெரியவர் செம்மறி ஆட்டு மந்தையை ரோட்டைக் கடத்திக்கொண்டிருந்தார். முன்னால் போன பைக்காரர் நின்றார். நானும் வேகத்தைக் குறைத்து முழுதாக நிறுத்திவிட்டேன். ஆடுகளுக்கு வழி விடுவதற்காக ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்து, ரோட்டு ஓரமாகத்தான் நின்றேன். நின்று பத்து வினாடி இருக்கும். பின்னால் காய்கறிக் கூடைகளோடு வந்த லோடு வேன் பிரேக் போட்டும் நிற்கவில்லை. கடைசி நேரத்தில் வலது பக்கம் விலகப் பார்த்திருக்கிறார். அப்படியும் வேனின் இடது முன் மூலை என் காரின் வலது பின் மூலையில் மோதியது. மோதிய வேகத்தில் பிரேக்கில் இருந்த என் கால் நழுவிவிட்டது. சக்கரம் ஏற்கெனவே இடது பக்கம் திரும்பியிருந்ததால், கார் முன்னால் தள்ளப்பட்டு, வாறுகால் ஓரம் நட்டிருந்த கல்லில் இடது முன் மூலை இடித்து நின்றது.

பின்னால் வலது மூலையிலும் முன்னால் இடது மூலையிலும் அடி இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டும் ஒரே மோதல், ஓரிரு வினாடிக்குள் நடந்தது. சர்வேயர் அவர்கள் வந்தபோது இதை நான் சரியாக விளக்கவில்லை. கார் நின்ற நிலையிலேயே 5.46 மணிக்குப் போனில் எடுத்த நான்கு படங்களைப் பிரிண்ட் போட்டு இணைத்துள்ளேன். இரண்டாவது படத்தில் வேனின் நம்பர் தெரிகிறது. மூன்றாவதில் கல்லும், கல்லில் ஒட்டியிருக்கும் காரின் பெயிண்டும் தெரியும். அந்தப் படத்தைத் தயவுசெய்து கவனித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வேன் ஓட்டி வந்த பையன் உடனே இறங்கி, "யக்கா, பிரேக் பிடிச்சேன், நனைஞ்ச ரோடு, வழுக்கிட்டு" என்று கையெடுத்துக் கும்பிட்டான். 3,000 ரூபாய் தருகிறேன், இதோடு விட்டுவிடுங்கள் என்றான். நான் வாங்கவில்லை. முதல் மனுவில் "3,000 ரூபாய் கொடுத்தான்" என்று எழுதியது தவறு. கொடுக்க வந்தான் என்பதே சரி. அவனிடமிருந்தோ வேன் உரிமையாளரிடமிருந்தோ ஒரு ரூபாய்கூடப் பெறவில்லை, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. வேனின் இன்சூரன்ஸிடமிருந்து தொகையை வசூலிக்கத் தாங்கள் முயன்றால் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறேன்.

ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் ஒழுகியதால் வண்டியை மேற்கொண்டு ஓட்டவில்லை. தம்பியும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து தள்ளி, பத்தமடையிலேயே இருக்கும் எங்கள் சித்தி வீட்டு முன்னால் நிறுத்தினோம். அன்று இரவு 7.10-க்குத் தங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்து விபத்தைப் பதிவு செய்தேன். 7.32-க்கு குறுஞ்செய்தி வந்தது. அதன் படமும் இத்துடன் உள்ளது. விபத்துத் தேதிக்கு என் வார்த்தையைவிட அதுவே நல்ல சான்று.

15.11.2024 வெள்ளிக்கிழமை காலை காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். அன்று மதியம் அம்மாவுக்கு மணிக்கட்டில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான். சனி, ஞாயிறு ஒர்க்‌ஷாப்பிலிருந்து இழுவை வண்டி கிடைக்கவில்லை. 18.11.2024 திங்கள் காலை வந்து இழுத்துப் போனார்கள். அதுவரை நான்கு நாளும் கார் சித்தி வீட்டை விட்டு நகரவில்லை. 20.11.2024 சர்வேயர் பார்த்தார். அவர் பார்க்கும் முன் ஒரு பாகத்தையும் கழற்றவில்லை. 28.11.2024 வேலை முடிந்தது, 29.11.2024 முழுப் பணமும் கட்டி வண்டியை எடுத்தேன்.

இனி தொகை. ஒர்க்‌ஷாப் பில் வரி உட்பட 54,400 ரூபாய்:

பின் பம்பர் 6,200
பின் வலது விளக்கு 3,400
முன் பம்பர் 5,800
முன் கிரில் 1,600
ரேடியேட்டர் 7,800
பானெட் 10,200
டிக்கி கதவு ஒடுக்கு எடுத்தது, பாகங்கள் கழற்றி மாட்டிய கூலி 6,500
பெயிண்டிங் 12,000
கூலன்ட் 900

இழுவைக்குத் தனியாக 2,200. ஆகச் செலவு 56,600. முதல் மனுவில் 57,880 கேட்டிருந்தேன். அம்மாவின் எக்ஸ்ரே, மருந்துச் செலவு 1,280 அதில் கலந்துவிட்டது. வண்டிச் சேதத்துக்கான கிளைமில் அதற்கு இடமில்லை என்று இப்போது தெரிந்துகொண்டேன். அதைக் கேட்கவில்லை. இடது பின் கதவில் உள்ள கீறல் பழையது, அதற்கும் பில் போடவில்லை.

என் பாலிசியில் தேய்மானம் தவிர்க்கும் கூடுதல் கவர் கிடையாது. ஆகவே பாலிசி விதிப்படி நானே கழித்துக் காட்டுகிறேன். பிளாஸ்டிக் பாகங்கள் நான்கும் சேர்ந்து 17,000. அதில் பாதி போக 8,500. உலோகப் பாகங்கள் இரண்டும் 18,000. இங்கே விபத்துத் தேதி முக்கியம். 14.11.2024 அன்று காருக்கு மூன்று வயது நிறையவில்லை, இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆகவே தேய்மானம் 15 சதவீதம், அதாவது 2,700 போக 15,300. 18.11.2024-ஐ வைத்துக் கணக்கிட்டால் 25 சதவீதம் ஆகி, 1,800 ரூபாய் குறைந்துவிடும். அப்படிக் கணக்கிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கூலி 6,500 முழுதும். பெயிண்டிங்கில் கால் பங்கு பொருள் செலவு, அதாவது 3,000. அதில் பாதி போக 10,500. கூலன்ட்டுக்குக் கவர் இல்லை, விட்டுவிட்டேன்.

இவை சேர்ந்து 40,800. 1,500 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு நான் ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு 1,000 போக 39,800. இழுவைக்குப் பாலிசி வரம்பான 1,500 சேர்த்து, நான் கோருவது 41,300 ரூபாய்.

இன்னொன்றையும் நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். 11.11.2024 அன்று புதுப்பித்தபோது, கிளைம் இல்லாததற்கான 35 சதவீதத் தள்ளுபடி கொடுத்திருக்கிறீர்கள். அன்று அது சரியாகத்தான் இருந்தது. மூன்று நாளில் விபத்து நடந்து கிளைம் வந்துவிட்டதால், அந்தத் தள்ளுபடிக்கு எனக்கு உரிமை இல்லை. சேதப் பிரிவு பிரீமியம் 6,400-இல் 35 சதவீதம் 2,240. 18 சதவீத ஜி.எஸ்.டி. 403.20 சேர்த்து 2,643.20 ரூபாய். இதை நான் தனியாகக் கட்டுகிறேன், அல்லது தரவேண்டிய தொகையில் கழித்து 38,656.80 அனுப்பினாலும் சம்மதம். எந்த வழி என்று எழுத்தில் தெரிவியுங்கள். தள்ளுபடியை மறைத்துவிட்டேன் என்று சொல்லிப் புதிய பாலிசியை யாரும் பின்னால் கேள்வி கேட்கக் கூடாது என்பதே என் கவலை.

என் கணக்கில் ஏதாவது ஒரு வரியை ஏற்கவில்லை என்றால், எந்த வரி, எந்த விதிப்படி என்று குறிப்பிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். நேரில் வரச் சொன்னாலும் பழைய பில், மாற்றிய பாகங்களோடு வருகிறேன். கழற்றிய பம்பர்களும் பானெட்டும் ஒர்க்‌ஷாப்பில் இன்னும் இருக்கின்றன. டிசம்பர் முடியும் வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், யாராவது பார்க்க வேண்டுமானால் அதற்குள் வரலாம்.

இணைப்பு: பழைய, புதிய பாலிசி நகல்கள், பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், 14.11.2024 குறுஞ்செய்தியின் படம், விபத்து இடத்துப் படங்கள் நான்கு, சி.எஸ்.ஆர். ரசீது, ஒர்க்‌ஷாப் பில்லும் பணம் கட்டிய ரசீதும், இழுவை ரசீது, பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை ஒன்று.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பா. முத்துலட்சுமி
(பாலிசிதாரர்)