பயிற்சித்தாள் 3: ஒலியெழுத்தும் ஒலியன்களும்

நேரம்: 40 நிமிடம். மதிப்பெண்: 20

எழுத்தை மறந்துவிட்டு, காதில் விழுவதை மட்டும் எழுதுங்கள். உச்சரிப்பு [ ] குறிக்குள், ஒலியன் / / குறிக்குள்.

1. ஒலியெழுத்தில் எழுதுக (6)

படம், பட்டம், பசு, காடு, வாழை, பஞ்சு

மாதிரி: தங்கம் [t̪aŋɡam]. நெடிலுக்கும் இரட்டித்த மெய்க்கும் ː போடுங்கள். 'பசு', 'காடு' இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கடைசி உகரம் ஒன்றுபோலவா இருக்கிறது? 'காடு' குற்றியலுகரம், அதற்கு [ɯ].

2. குறைந்த வேறுபாட்டு இணை எது? (6)

மனம்–மணம், பல்–பால், கடல்–உடல், கலை–களை, பழம்–பள்ளம், அரம்–அறம்

ஒரே இடத்தில் ஒரே ஒலி மாறி, பொருளும் மாற வேண்டும். இரண்டு ஜோடிகள் தேறாது. ஏன் என்று ஒரு வரி எழுதுக. அப்புறம், 'அரம்–அறம்' உங்கள் பேச்சில் வேறுபடுகிறதா? பலருக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. உங்கள் உச்சரிப்புப்படியே விடை எழுதலாம், மதிப்பெண் குறையாது.

3. [k], [ɡ]: ஒரு ஒலியனா, இரண்டா? (8)

[kal] கல்
[paɡal] பகல்
[pakːam] பக்கம்
[kaːɡam] காகம்
[t̪aŋɡam] தங்கம்

அ) ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் வருகிறது? சொல்முதல், உயிர்களுக்கிடையில், மூக்கொலிக்குப் பின், இரட்டிப்பு எனப் பிரித்துக் காட்டுக.

ஆ) இரண்டும் ஒரே சூழலில் வராவிட்டால் அதற்கு என்ன பெயர்? ஒலியனையும் மாற்றொலிகளையும் விதியாக எழுதுக.

இ) சரி, இப்போது சிக்கல். [paːʋam] என்றால் இரக்கம், [baːʋam] என்றால் முகபாவம். எழுத்தில் இரண்டுமே 'பாவம்'. கடன்சொற்களையும் சேர்த்தால் /p/, /b/ தனித்தனி ஒலியன்களா? உங்கள் தரப்பை மூன்று வரியில் வாதிடுக. எந்தப் பக்கம் நின்றாலும் சரி, காரணம் வேண்டும்.