க. மீனாட்சி – யூஎக்ஸ் டிசைனர், கோயம்புத்தூர்

மின்னஞ்சல்: meenatchi@example.com
எல்லா கேஸ் ஸ்டடிகளும்: https://example.com/meenatchi

இந்த ரெஸ்யூமேயில் அட்டவணை, படம், இரண்டு பத்தி அமைப்பு எதுவும் இல்லை. அப்படியே காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினாலும், ஸ்கிரீன் ரீடரில் கேட்டாலும் வரிசை மாறாது. இணைப்புகளை முழு முகவரியாகவே கொடுத்திருக்கிறேன்.

என்னைப் பற்றி

2018 முதல் யூஎக்ஸ் வேலை. முதலில் மருத்துவமனை மென்பொருள், அப்புறம் வேளாண் மென்பொருள். பணக்கணக்கும் காத்திருப்பும் உள்ள திரைகளே எனக்குப் பிடித்தவை. திரையில் வரும் எண்ணை ஒருவர் நம்பவில்லையென்றால், அதற்கான காரணத்தை அவர் இருக்கும் இடத்துக்கே போய்த் தேடுவேன்.

கேஸ் ஸ்டடி 1: பால் கொள்முதல் செயலி (2022–2023)
https://example.com/meenatchi/paal

என் பங்கு: ஆய்வு, வடிவமைப்பு, சோதனை. டிசைனர் நான் ஒருத்தி மட்டும். உடன் ஒரு புராடக்ட் மேனேஜர், மூன்று டெவலப்பர்கள்.

பிரச்சினை: பால் ஊற்றுபவர்கள் தினமும் சங்கத்துக்கு போன் செய்து, "இன்னைக்கு ஏன் ரேட் கொறஞ்சிருக்கு?" என்று கேட்டார்கள். கொழுப்பும் இதரச் சத்தும் மாறினால் லிட்டர் விலையும் மாறும். செயலியோ மொத்தத் தொகையை மட்டும் காட்டியது. மாதக் கிராஃப் போடலாம் என்பது நிறுவனத்தின் யோசனை.

ஆய்வு: பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துச் சேகரிப்பு மையங்களில் காலையும் மாலையும் உட்கார்ந்து கவனித்தேன். பால் ஊற்றும் 14 பேரிடமும் சங்கச் செயலர்கள் 5 பேரிடமும் பேசினேன். எல்லோரும் செயலியைப் பால் அட்டையோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தார்கள். இரண்டிலும் வரிசை வேறாக இருந்ததால் குழப்பம் கூடியது. இன்னொன்றும் தெரிந்தது: பல வீடுகளில் பால் ஊற்றுவது அம்மா, ஸ்மார்ட்போன் இருப்பது மகன் கையில்.

முடிவுகள்: கிராஃபைக் கைவிடச் சொன்னேன். அது மாதப் போக்கைக் காட்டும். மக்கள் கேட்டது இன்று காலை ஊற்றிய பாலைப் பற்றி. திரையைப் பால் அட்டையின் வரிசையிலேயே அமைத்தேன்: தேதி, காலை அல்லது மாலை, லிட்டர், கொழுப்பு, இதரச் சத்து, ரூபாய். தொகைக்குக் கீழே கணக்கை விரித்துக் காட்டினேன்:

6.4 லிட்டர் × ரூ.36 = ரூ.230.40
நேற்றைவிடக் கொழுப்பு 0.3 குறைவு

இதே விவரம் பால் ஊற்றுபவரின் சாதாரண போனுக்குத் தமிழ் எஸ்எம்எஸ்ஸாகவும் போகிறது. எஸ்எம்எஸ் செலவு பற்றி எதிர்ப்பு வந்தது. யார் கையில் எந்த போன் இருக்கிறது என்ற ஆய்வுக் குறிப்புகளைக் காட்டிய பிறகு அனுமதி கிடைத்தது.

சோதனை: விலை குறைந்ததற்கான காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். பழைய திரையில் 8 பேரில் 2 பேர் கண்டுபிடித்தார்கள். புதியதில் அதே 8 பேரில் 7 பேர். சிலர் ரூபாய் எண்ணையே தட்டிப் பார்த்ததால், முழு விவரமும் அந்த எண்ணைத் தொட்டாலே திறக்கும்படி மாற்றினோம். போன் அழைப்புகள் குறைந்ததாகச் செயலர்கள் சொன்னார்கள். எண்ணிப் பார்க்க ஏற்பாடு இல்லாததால் அதை வெற்றிக் கணக்கில் சேர்க்கவில்லை.

கேஸ் ஸ்டடி 2: வெளிநோயாளி டோக்கன் (2020–2021)
https://example.com/meenatchi/token

"10.40க்கு உங்கள் முறை" என்று காட்டிய திரையை "உங்களுக்கு முன் 6 பேர்" என்று மாற்றினேன். டாக்டர் நடுவில் வார்டுக்குப் போனால் நேரம் பொய்யாகிவிடும், வரிசை ஆகாது. வரவேற்பில் நின்று பார்த்ததில், தவறிப்போன நேரத்தைப் பற்றித்தான் கோபமெல்லாம் வந்தது. டாக்டர் வெளியே போனால் "டாக்டர் வார்டில் இருக்கிறார்" என்ற வரியும் வரும். அதை மாற்றும் பொத்தான் நர்ஸிடம் இருக்கிறது.

கேஸ் ஸ்டடி 3: தமிழ் பொத்தான்கள் (2024)
https://example.com/meenatchi/pothaan

ஆங்கிலத்தில் Submit என்று அடங்கும் பொத்தானில் "சமர்ப்பிக்கவும்" அடங்காது. அகலத்தைக் கூட்டுவதைவிட "அனுப்பு" என்று எழுதுவது மேல் என்று முடிவெடுத்தேன். அதுவே பேச்சுக்கும் நெருக்கம். மேலும் கீழும் நீளும் எழுத்துகள் வெட்டுப்படாதபடி வரி இடைவெளியைக் கூட்டினேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் WCAG சொல்லும் 4.5:1 வேறுபாட்டைக் கட்டாயமாக்கினேன்.

பணி அனுபவம்

2022 முதல் இன்றுவரை: சீனியர் யூஎக்ஸ் டிசைனர், வேளாண் மென்பொருள் நிறுவனம், கோயம்புத்தூர்
2018–2022: யூஎக்ஸ் டிசைனர், மருத்துவமனை மென்பொருள் நிறுவனம், கோயம்புத்தூர்
ரகசிய ஒப்பந்தம் இருப்பதால் நிறுவனப் பெயர்களை நேர்காணலில் சொல்கிறேன்.

கருவிகளும் முறைகளும்

ஃபிக்மா, காகித மாதிரி, கள நேர்காணல், கார்டு சார்ட்டிங், பயன்பாட்டுச் சோதனை. HTML, CSS எழுதத் தெரியும்.

படிப்பு

பி.இ. கணினி அறிவியல், 2017

மொழிகள்

தமிழ், ஆங்கிலம். மலையாளம் பேசினால் புரியும்.

சேரும் காலம்

30 நாள் நோட்டீஸ். களப்பயணத்துக்குத் தயார்.