நினைவூட்டல்: ஜூன் மாத டைம்ஷீட், ஜூலை 1 புதன்கிழமை மாலை 5 மணிக்குள்

அனுப்புநர்: கணக்குப் பிரிவு, கிருஷ்ணகிரி அலுவலகம்
பெறுநர்: சர்வீஸ் டெக்னீஷியன்கள், சைட் சூப்பர்வைசர்கள், அலுவலக ஊழியர்கள் அனைவரும்
தேதி: 25.06.2026

அனைவருக்கும் வணக்கம்.

ஜூன் 1 முதல் 30 வரைக்குமான டைம்ஷீட்டை வரும் ஜூலை 1, புதன்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்பிவிடுங்கள். சூப்பர்வைசர்கள் வியாழன் மதியம் 12 மணிக்குள் ஒப்புதல் தர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சம்பளப் பட்டியல் வங்கிக்குப் போய்விடும். 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பது சட்டம். இடையில் ஞாயிறு வேறு வருகிறது. அதனால் இந்தத் தேதிகளைத் தள்ளிப்போட வழியில்லை.

பெங்களூரா காய் வரத்து உச்சத்தில் இருக்கும் நேரம் இது என்று தெரியும். காவேரிப்பட்டணத்தில் பல்ப்பர் நின்றுவிட்டது, பர்கூரில் பாய்லர் மக்கர் என்று ராத்திரி பத்து மணிக்கு அழைப்பு வந்தால், அங்கே நின்று டைம்ஷீட் போடு என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஓடியும் பேட்டாவும் அதிகமாகச் சேர்வதும் இதே மாதத்தில்தான். ஓடிக்கு இரட்டிப்புக் கூலி என்பதால், நீங்கள் எழுத மறக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இரண்டு மணி நேரச் சம்பளம்.

போன மாதம் 43 பேரில் 11 பேருடையது தாமதமாக வந்தது. அதில் ஆறு பேர் நேரத்தோடு போட்டுவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். Save அழுத்தியவர்கள் Submit அழுத்தவில்லை, அவ்வளவுதான். அனுப்பிய பிறகு திரையில் Submitted என்று வருகிறதா என ஒரு தடவை பார்த்துவிடுங்கள். Draft என்று இருந்தால் அது எங்கள் கைக்கு வரவில்லை.

தாமதமானால் என்ன ஆகும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். மாதச் சம்பளம் நிற்காது. வேலை செய்த நாளுக்கான சம்பளத்தை டைம்ஷீட் வரவில்லை என்பதற்காகப் பிடித்து வைப்பது முறையுமில்லை, அப்படிச் செய்யப்போவதும் இல்லை. ஆனால் ஓடி, இரவு பேட்டா, பயணப்படி மூன்றும் டைம்ஷீட்டை வைத்துத்தான் கணக்காகின்றன. புதன் 5 மணிக்குப் பிறகு வந்து, ஜூலை 8க்குள் சூப்பர்வைசர் ஒப்புதலும் கிடைத்தால், அந்தத் தொகை ஜூலை 20 அன்று துணைப் பட்டியலில் வரும். அதற்கும் பிந்தினால் ஆகஸ்டில் வரும் சம்பளத்தோடுதான். துணைப் பட்டியல் மாதத்துக்கு ஒன்றுதான். 15ஆம் தேதிக்குள் பிஎஃப், இஎஸ்ஐ கட்டும் வேலையும் எங்களுக்கு இருப்பதால், ஆளுக்கொரு தேதியில் தனித்தனியாகப் போட்டுத்தர முடியாது.

உங்கள் பணம் தாமதமாகவாவது வந்துவிடும். ஆலைகளுக்குப் போடும் பில் அப்படியில்லை. அது 4ஆம் தேதி போகிறது. அதில் விடுபட்ட மணி நேரத்தைப் பிறகு கேட்டால், "சீசன் கணக்கை முடித்தாச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். போன வருடம் இப்படி ஒரு முழு இரவு வேலைக்குக் காசு வராமலே போனது.

நிரப்பும்போது இரண்டு விஷயம். நள்ளிரவைத் தாண்டும் வேலையை ஒரே வரியில் போடாதீர்கள். 18ஆம் தேதி இரவு 9 மணிக்கு ஆரம்பித்து விடியற்காலை 3 மணிக்கு முடித்திருந்தால், 18ஆம் தேதியில் 3 மணி நேரம், 19ஆம் தேதியில் 3 மணி நேரம். இன்னொன்று, "சைட் வேலை" என்று மட்டும் எழுதினால் எந்த ஆலை, எந்த மெஷின் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஜாப் நம்பர் கட்டாயம் போடுங்கள்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சிக்னல் கிடைக்காதவர்கள் நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து உங்கள் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அவர் உங்களுக்காகப் பதிவு செய்வார். ஆனால் புதன் மதியம் 2 மணிக்குள் போட்டோ அவர் கையில் இருக்க வேண்டும். பொது குரூப்பில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் தொலைந்துவிடும், தயவுசெய்து வேண்டாம்.

ஜூன் 30 அன்று இரவு ஷிஃப்டில் இருப்பவர்கள் மறுநாள் தூங்கி எழுந்து போட்டாலும் நேரம் இருக்கிறது. மற்றவர்கள் இதுவரைக்குமானதை இப்போதே நிரப்பி, மீதியை அன்றன்றைக்கே போட்டு Save செய்து வைத்தால், கடைசி நாளில் ஒரு வரிதான் மிச்சம். புதன்கிழமை இரவு 7 மணி வரை கணக்குப் பிரிவில் ஆள் இருப்போம். பாஸ்வேர்ட் மறந்தவர்கள் அன்று வரை காத்திருக்காமல் நாளைக்கே சொல்லுங்கள்.

நன்றி,
கணக்கு அலுவலர்
கிருஷ்ணகிரி அலுவலகம்