புளித்த மாவு பற்றி எழுதிய அம்மாவுக்கு எங்கள் பதில்

அம்மா, வணக்கம். மேற்கு மாம்பலம் மாவுக் கடையை நடத்துவது நான்தான். சனிக்கிழமை எங்களிடம் வாங்கிய இட்லி மாவு புளித்துப் பாக்கெட் உப்பியிருந்தது என்று நேற்று காலை நீங்கள் இந்தச் சலுகை விளம்பரத்தின் கீழே எழுதியதை நேற்றே படித்துவிட்டேன். என்ன நடந்தது என்று கடையில் எல்லோரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதலாம் என்று இருந்தேன். அதில் ஒரு நாள் போய்விட்டது. "பார்த்துவிட்டேன், விசாரிக்கிறேன்" என்று ஒரு வரியாவது நேற்றே போட்டிருக்க வேண்டும். அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

"பழைய மாவைத் தள்ளிவிடத்தான் இந்தச் சலுகையா?" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். தள்ளிவிட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் கைக்கு வந்தது பழைய மாவுதான்.

ஒரு கிலோ வாங்கினால் அரை கிலோ இலவசம் என்று வெள்ளிக்கிழமை அறிவித்தோம். அன்று மதியத்துக்குள்ளேயே சனிக்கிழமைக்கான ஆர்டர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வந்துவிட்டது. காலையில் அரைத்து மட்டும் சமாளிக்க முடியாது என்று, வெள்ளிக்கிழமை சாயங்காலமே கூடுதலாக 40 கிலோ அரைத்தோம். இரண்டு ஃப்ரிட்ஜிலும் இடம் இல்லை. அந்த மாவு எவர்சில்வர் டிரம்மில் ராத்திரி முழுக்க வெளியே இருந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் மாவு ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த மாவைக் காலையில் பாக்கெட் போட்டு, சனிக்கிழமை தேதி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டோம். ஸ்டிக்கரில் இருந்தது பாக்கெட் போட்ட தேதி. அரைத்தது முந்தின நாள். தேதியைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மாவு புளித்ததைவிட, இந்தத் தேதி உங்களை ஏமாற்றியதுதான் பெரிய தப்பு என்று நினைக்கிறேன்.

அதே மாவில் இரண்டு பாக்கெட் கடையில் மீதி இருந்தது. நேற்று மத்தியானம் எடுத்துப் பார்த்தேன். உங்கள் படத்தில் இருப்பது மாதிரியே தலையணையாக உப்பியிருந்தது. மூலையைக் கத்தரித்ததும் புஸ்ஸென்று காற்று வந்தது, பின்னாலேயே நுரை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், துப்பத்தான் முடிந்தது. இதை நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஊரிலிருந்து வந்து இறங்கிய பத்துப் பேருக்கு இட்லி ஊற்றத் திறந்திருக்கிறீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

அப்புறம் வாட்ஸ்அப் விஷயம். மூன்று தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை, சரி என்று பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினால் "உங்கள் ஆர்டருக்கு நன்றி" என்று சலுகைப் படத்தோடு பதில் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். கடை போனை எடுத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. கடை திறக்காத நேரத்தில் யார் எது அனுப்பினாலும் தானாகப் போகிற பதில் அது. நேற்றே நிறுத்திவிட்டேன். எல்லாவற்றையும்விட அதிகமாக எனக்கு வலித்தது இதைப் படித்தபோதுதான்.

மாவில் ஆப்பசோடா போடுகிறோமோ என்றும் கேட்டிருந்தீர்கள். போடுவதில்லை. மாவு புளிக்கும்போது அதிலிருக்கும் நுண்ணுயிரிகளே காற்றை உண்டாக்கும், பாக்கெட் உப்பியது அதனால்தான். ஆனால் தேதியிலேயே தப்பு செய்துவிட்டு, இதை மட்டும் நம்புங்கள் என்று உங்களிடம் கேட்க முடியாது. தினமும் காலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை அரைக்கிறோம். சொல்லிவிட்டு வர வேண்டும் என்றில்லை, எந்த நாளும் உள்ளே வந்து பார்க்கலாம். நீங்கள் மட்டுமில்லை, யார் வேண்டுமானாலும்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். அது உங்கள் உரிமை, வேண்டாம் என்று கேட்க மாட்டேன். பாக்கெட்டின் பின்பக்கம் கீழே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று போட்டு 14 இலக்க எண் இருக்கும், அதுதான் எங்கள் பதிவு எண். பாக்கெட்டைத் தூக்கிப் போட்டிருந்தால் சொல்லுங்கள், நானே தருகிறேன். அவர்கள் வந்து கேட்டால் இங்கே எழுதியதையேதான் சொல்வேன்.

இரண்டு கிலோவுக்கு நீங்கள் கொடுத்த 120 ரூபாயையும், அன்று காலை ஓட்டலில் இட்லி வாங்கிய 640 ரூபாயையும் திருப்பித் தருகிறோம். பில் இல்லை என்றாலும் பரவாயில்லை, நீங்கள் சொன்ன தொகையே போதும். உங்கள் போன் எண்ணையோ முகவரியையோ இங்கே எழுத வேண்டாம், எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் படம் அனுப்பிய அதே வாட்ஸ்அப் எண்ணில் "மாவு" என்று ஒரு வார்த்தை போடுங்கள், நானே கூப்பிடுகிறேன். பணம் வந்துவிட்டதே என்று நீங்கள் எழுதியதை எடுக்கவோ மாற்றவோ வேண்டாம். "இதையும் அழித்துவிடுவார்கள்" என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். அழிக்க மாட்டோம் அம்மா. சலுகையை நேற்றிரவே நிறுத்திவிட்டோம். ஆனால் இந்த விளம்பரத்தை நீக்கினால் நீங்கள் எழுதியதும் சேர்ந்து போய்விடும். அதனால் முதல் வரியில் "சலுகை நிறுத்தப்பட்டது" என்று மட்டும் போட்டு, மற்றதை அப்படியே விட்டிருக்கிறோம்.

எங்களுக்காகப் பேச வந்த வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் "60 ரூபாய் மாவுக்கு இவ்வளவு பேச்சா", "ஃப்ரிட்ஜில் வைக்காமல் விட்டிருப்பார்" என்றெல்லாம் தயவுசெய்து எழுதாதீர்கள். அவர் வாங்கியதுமே ஃப்ரிட்ஜில்தான் வைத்திருக்கிறார். அவர் செய்ய வேண்டியதில் எதுவும் குறையவில்லை, குறை எங்களிடம். அவரைக் குத்திப் பேசியவர்கள் அந்த வரிகளை நீங்களே எடுத்துவிட்டால் எனக்குச் செய்கிற உதவியாக இருக்கும்.

புளித்த மாவில் ஊத்தப்பம் ஊற்றலாமே என்று ஒருவர் சொல்லியிருந்தார். வீட்டில் அரைத்து, ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் இருந்து புளித்த மாவென்றால் நானும் அதைத்தான் செய்வேன். இந்தப் பாக்கெட்டுகளில் வேண்டாம். சனிக்கிழமை எங்களிடம் மாவு வாங்கியவர்கள் யாராக இருந்தாலும், பாக்கெட் உப்பியிருந்தாலோ வாடை மாறியிருந்தாலோ கொட்டிவிடுங்கள். படம் வேண்டாம், பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவரவும் வேண்டாம். சனிக்கிழமை ஆர்டர் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. நாங்களே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இன்று சாயங்காலத்துக்குள் போன் வராதவர்கள் கடை எண்ணில் சொல்லுங்கள், பணம் வந்துவிடும்.

இன்று காலையிலிருந்து ஸ்டிக்கரில் அரைத்த தேதியும் நேரமும் போடுகிறோம். ஃப்ரிட்ஜில் எவ்வளவு வைக்க முடியுமோ அவ்வளவுதான் அரைப்போம். மாவு தீர்ந்துவிட்டால் அன்றைக்கு இல்லை என்று சொல்லிவிடுவோம். மூன்றாவது ஃப்ரிட்ஜ் வாங்கும்வரை சலுகை எதுவும் அறிவிப்பதாக இல்லை.

அம்மா, இனி எங்களிடம் வாங்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி இதை எழுதவில்லை. உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணி வரை கடை போன் என் கையில்தான் இருக்கும்.