நாக்கு வேணாம், புங்கா தெலாங் போதும்

சரி சரி, எல்லாரும் கொஞ்சம் முன்னுக்கு வாங்க, நாற்காலிய இழுக்காதீங்க, பக்கத்து வகுப்புல பரீட்சை நடக்குது. இந்த டப்பாவுல பிளாஸ்டிக் கண்ணாடி இருக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுத்து மாட்டிக்கோங்க, சொந்தக் கண்ணாடி போட்டிருந்தா அது மேலயே மாட்டலாம். ஆமா, அழகாத்தான் இருக்கு, சிரிச்சது போதும்.

ஒரே ஒரு சட்டம். மேசையில இருக்கறது எல்லாம் உங்க அம்மா அடுப்படியில இருக்கற சாமான்தான், ஆனா இன்னிக்கு ஒண்ணையும் வாயில வைக்கக்கூடாது. லிமாவ் கஸ்தூரியா இருந்தாலும் சரி, புளியா இருந்தாலும் சரி. நக்கிப் பாக்குற ஆளு பின்னுக்குப் போய் நின்னுக்கிட்டே பாடம் கேக்கணும், அவ்வளவுதான்.

இந்த ஜக்குல என்ன இருக்கு?

"டீச்சர், மை!"

மை இல்லடா. புங்கா தெலாங், நம்ம வீட்டு வேலியில ஏறிக் கெடக்குமே சங்குப்பூ, அதேதான். காலையில ஒரு கைப்பிடி காஞ்ச பூவ சுடுதண்ணியில போட்டேன், பத்து நிமிஷத்துல இப்படி நீலமா எறங்கிருச்சு. பாசார்ல புலுட் தேக்கான் வாங்கித் தின்னிருப்பீங்களே, கயா தொட்டு, வெள்ளையும் நீலமுமா, அந்த நீலம் இதுதான். இந்தப் பூவுல ஆந்தோசயனின்னு ஒரு சாயம் இருக்கு, அதுக்கு ஒரு குணம், பக்கத்துல அமிலம் வந்தா ஒரு கலரு, அமிலத்துக்கு எதிரான காரம் வந்தா வேற கலரு, மிளகாய் காரம் இல்ல. அதனால நம்ம நாக்குக்கு இன்னிக்கு லீவு, எது அமிலம் எது காரம்னு பூ சொல்லும்.

அஞ்சு கப்பு வெச்சிருக்கேன், அஞ்சுலயும் ஒரே நீலம், யாரும் ஏமாத்துறேன்னு சொல்லக்கூடாது. முதல் கப்புல வெறும் தண்ணி ஊத்துறேன். ஒண்ணும் ஆகல. நீலம் நீலமாவே இருக்கு, கொஞ்சம் வெளுத்திருக்கு, அது தண்ணி கலந்ததால. இத அப்படியே ஓரமா வெச்சிருவோம், மத்ததெல்லாம் இதுகூட ஒப்பிட்டுத்தான் பாக்கணும்.

ரெண்டாவது கப்பு. துர்கா, நீ வா, இந்த லிமாவ் கஸ்தூரிய பாதியா வெட்டிட்டேன், மெதுவா பிழி. மெதுவான்னா மெதுவா, கண்ணுல தெறிச்சா அப்புறம் அழுவ... ஆ! பாருங்க பாருங்க, சாறு விழுந்த எடத்துல மட்டும் ஊதாவா ஒரு நூல் மாதிரி எறங்குது, கலக்காதீங்க, இப்படியே ஒரு நிமிஷம் பாருங்க. மேல ஊதா, அடியில இன்னும் நீலம். இப்ப கலக்கு. முழுசா ஊதா. இன்னும் ரெண்டு பழம் பிழிஞ்சா ரோஸ் கலருக்கே போயிரும். லிமாவ்ல இருக்கறது சிட்ரிக் அமிலம்.

சுக்கா, அதாவது வினிகர், மூணாவது கப்புல ஊத்துறேன், இதுவும் ரோஸ் பக்கம் போயிருச்சு, சொல்லவே வேணாம். அதுல அசெட்டிக் அமிலம், கடையில வாங்குற வினிகர்ல நூத்துக்கு 5 பங்கு மாதிரிதான் அமிலம், மீதி தண்ணி. புளியில டார்டாரிக் அமிலம், தயிருல லாக்டிக் அமிலம், அசாம் லக்சா புளிக்குதுன்னா அதுக்குள்ள எத்தன அமிலம் ஒண்ணா கெடக்குதுன்னு யோசிச்சுக்கோங்க.

இப்ப ஒரு கேள்வி. இந்த போத்தல்ல கலர் இல்லாத கேஸ் தண்ணி, கண்டீன்ல விக்கிறதுதான், குடிச்சா இனிப்பு. இது அமிலமா இல்லையா? கை தூக்குங்க. இல்லைன்னு சொல்றவங்க... அடேங்கப்பா, பாதி வகுப்பு. சரி, நாலாவது கப்புல ஊத்துறேன்.

"டீச்சர் ஊதா ஆயிருச்சு!"

ஆச்சா? இனிப்பா இருக்கற தண்ணி எப்படி அமிலமாச்சு? சக்கரை புளிப்ப மறைச்சிருது, ஆனா அமிலத்த எடுக்கறதில்ல. பூவுக்கு இனிப்பு தெரியாது, அதனாலதான் அது ஏமாறல. உங்க பல்லும் ஏமாறாது, வாயில பிஎச் 5.5க்கு கீழ எறங்குனா பல்லு மேல இருக்கற எனாமல் கரைய ஆரம்பிக்கும், தினமும் ரெண்டு டின்னு குடிக்கிறவங்க பல் டாக்டருகிட்ட போய் கேளுங்க, நான் திட்ட வரல.

பிஎச்னா என்னன்னு சொல்லிர்றேன், பரீட்சையில கேக்க மாட்டாங்க, சும்மா கேட்டு வெச்சுக்கோங்க. தண்ணியில கரைஞ்சதும் ஹைட்ரஜன் அயனின்னு ஒரு சின்ன துணுக்க வெளிய விடுறது அமிலம். அத புடிச்சு வாங்கிக்கிறது காரம். எவ்வளவு அயனி இருக்குன்னு அளக்கறதுக்கு ஒரு எண் வேணும்ல, 1909ல டென்மார்க்ல சோரன்சன்னு ஒருத்தர் இந்த பிஎச் அளவ கொண்டு வந்தாரு. அவரு வேலை பாத்தது ஒரு பீர் கம்பெனியோட ஆய்வுக்கூடத்துல. சிரிக்காதீங்க, பீர் புளிக்க வைக்கிறதுக்கும் அமிலம் எவ்வளவுன்னு தெரியணும்.

நடுவுல 7, அது சுத்தமான தண்ணி. கீழ போனா அமிலம், மேல போனா காரம். ஆனா கணக்கு இங்கதான் ஏமாத்தும், ஒரு படி எறங்குனா ஒண்ணு கூடுறதில்ல, பத்து மடங்கு கூடுது. 7ங்கறது உங்க பாக்கெட்ல இருக்கற 10 காசுன்னு வெச்சுக்கோங்க, 6 வந்தா 1 வெள்ளி, 5 வந்தா 10 வெள்ளி, 4 வந்தா 100, 3 வந்தா 1,000, எலுமிச்சை சாறு 2 பக்கம், அங்க 10,000 வெள்ளி! 10 காசுல ஆரம்பிச்சு அஞ்சே படியில ஒரு லட்சம் மடங்கு. கவின், இப்ப புரிஞ்சுதா ஏன் கண்ணாடி மாட்டச் சொன்னேன்னு.

சரி, எதிர் பக்கம் போவோம். அஞ்சாவது கப்பு, சோடா மாவு, கேக்குக்குப் போடுறது. ஒரு கரண்டி போட்டு கலக்குறேன்... லேசா பச்சை கலந்த நீலம், தெரியுதா? தெரியலன்னா முதல் கப்புக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இது பலம் கம்மியான காரம், பிஎச் 8 சொச்சம்தான், அதான் கலரும் கூச்சப்பட்டுக்கிட்டு மாறுது.

பலமானது பாக்கணுமா? இது வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு, லிட்டில் இந்தியா கடையில வாங்குனது. நேத்து ராத்திரி தண்ணியில கரைச்சு வெச்சேன், மாவு அடியில தங்கிருச்சு, மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுத்திருக்கேன். கையுறை நான் மட்டும் போட்டுக்கறேன், இது பிஎச் 12க்கு மேல, கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, யாரும் தொடக்கூடாது. இன்னொரு கப்புல ஊத்துறேன் பாருங்க... பச்சை! சும்மா விட்டா இன்னும் கொஞ்ச நேரத்துல மஞ்சளாவே போகும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்சது. இந்த வெள்ளைத் தாள்ல மஞ்சத்தூள் தண்ணி தடவி காய வெச்சேன். ஒரு சொட்டு லிமாவ் விடுறேன், மஞ்சளாவே இருக்கு. ஒரு சொட்டு சவுக்காரத் தண்ணி விடுறேன்.

"சிவப்பு! டீச்சர் ரத்தம் மாதிரி!"

எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா இத? யோசிங்க. கல்யாண வீட்டு வாசல்ல ஆலாத்தி எடுப்பாங்களே, அந்த தட்டுல இருக்கற சிவப்பு தண்ணி எப்படி வந்துச்சு, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்துதான். உங்க பாட்டிக்கு மஞ்சள் காரத்துல செவக்கும்னு எப்பவோ தெரியும். இன்னொண்ணு, வெள்ளைச் சட்டையில சாம்பார் கொட்டிட்டு அம்மாவுக்குத் தெரியாம சவுக்காரம் போட்டுத் தேச்சா கறை செவந்து போய் இன்னும் பெருசா தெரியும், அப்ப பயந்துராதீங்க, நல்லா அலசுனா திரும்ப மஞ்சளாயிரும். மஞ்சள் போகாது, அதுக்கு வெயில்ல காய வைக்கணும், அது வேற கதை. இப்ப பாருங்க, இந்த சிவப்பு மேலயே வினிகர் ஒரு சொட்டு... திரும்ப மஞ்சள். அமிலமும் காரமும் மோதிக்கிட்டா ஒண்ண ஒண்ணு அடக்கிருது, நடுநிலைக்கு வருது.

மீன் கழுவுன கைய எலுமிச்சையால தேய்ப்பாங்கல்ல, அதுவும் இதுதான். மீன் வாடைக்குக் காரணம் அமின்னு சொல்ற காரப் பொருள், அமிலம் பட்டதும் அது உப்பா மாறிடும், உப்பு காத்துல பறந்து மூக்குக்கு வராது. நாசி கண்டார் கடையில மீன் தின்னுட்டு சும்மா தண்ணியில கழுவிப் பாருங்க, தெரியும்.

பித்தளை விளக்கு எங்க? இந்தா. பாதிப் பக்கம் மட்டும் புளிய வெச்சுத் தேய், யுவராஜ், அழுத்தி. மேல கருத்திருக்கறது காத்துல இருக்கற ஆக்சிஜனால வந்த படலம், புளியில உள்ள அமிலம் அதக் கரைச்சிருது. துடைச்சுக் காட்டு. பாதி தங்கம் பாதி கருப்பு, இப்படியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா எங்க அம்மா என்னை சும்மா விட மாட்டாங்க, மிச்சத்த அப்புறம் நான் தேய்ச்சுக்கறேன். புளி கொஞ்சம் உலோகத்தயும் கரைக்கும், அதான் அந்தக் காலத்துல பித்தளைச் சட்டிக்குள்ள வெள்ளீயம் பூசிட்டு ரசம் வெச்சாங்க.

கடைசி, பலூன். மினரல் தண்ணி போத்தல்ல கால் பங்கு வினிகர், பலூனுக்குள்ள ஒரு டீ கரண்டிக்கு கொஞ்சம் மேல சோடா மாவு. பலூன் வாய போத்தல் கழுத்துல மாட்டுறேன், இப்ப தூக்கி மாவ உள்ள கொட்டுறேன்...

"ஐயோ! டீச்சர் வெடிக்கப் போகுது!"

வெடிக்காது லா, மாவு அளந்துதான் போட்டேன். உள்ள நுரை எழும்புது, அது கார்பன் டை ஆக்சைடு. போத்தல தொட்டுப் பாருங்க, ஒவ்வொருத்தரா. சூடா? சில்லுன்னு இருக்குதா? ஆமா, இந்த வேலை நடக்கறதுக்கு சூடு வேணும், சுத்தி இருக்கறதுல இருந்து எடுத்துக்குது. மெழுகுவர்த்திய ஏத்துறேன், பலூன கழட்டி வாய அந்தப் பக்கம் காட்டி மெதுவா விடுறேன்... அணைஞ்சுது. ஊதல, பாத்தீங்கல்ல, அந்த வாயு காத்த விட கனம், ஆக்சிஜன தள்ளிவிட்டுருச்சு.

வீட்டுல செஞ்சு பாக்கணும்னா பூவும் லிமாவும் சோடா மாவும் போதும், சுண்ணாம்பு வேணாம். முக்கியமா குளியலறை கழுவுற பிளீச், அதுகூட வினிகரோ எலுமிச்சையோ கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும், நுரையீரல அரிச்சிரும், இத அப்பா அம்மாகிட்டயும் சொல்லுங்க, பெரியவங்களே தெரியாம கலக்குறாங்க. சரி, மணி அடிக்கப் போகுது, கண்ணாடிய டப்பாவுல போடுங்க, சுண்ணாம்பு கப்ப நான் பாத்துக்கறேன், மத்த கப்ப சிங்க்குல ஊத்திட்டு கைய சவுக்காரம் போட்டுக் கழுவுங்க, மஞ்சள் தொட்டவங்க கை செவந்தா கத்தாதீங்க.